பக்கத்தில் யாரும் செய்யாத வேலைக்கு முதல் விலை வைப்பது எப்படி? பெங்களூரில் ஒரு மருத்துவமனைத் துணைச் சேவையின் முழுக் கணக்கு

ஹலசூரில் சிறு கடைகளுக்கும் வீட்டுத் தொழில்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் ஜிஎஸ்டி பற்றிக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "எவ்வளவு வாங்கலாம் அக்கா?" டிபன் கடை என்றால் பதில் சுலபம். சுற்றியுள்ள நாலு கடைகளில் இட்லி என்ன விலை என்று பார்த்துவிட்டு வரச் சொல்வேன். தையல், டியூஷன், அழகு நிலையம் எல்லாவற்றுக்கும் அதே வழிதான். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தங்கை கொண்டுவந்த வேலைக்கு மட்டும் அந்த வழி உதவவில்லை.

அவள் எட்டு வருடம் ஒரு மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்த்தவள். தமிழ், கன்னடம் இரண்டும் சரளம், இந்தியும் ஆங்கிலமும் சமாளிப்பாள். பிள்ளைகளோடு இருப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து பெங்களூர் வந்த அப்பா அம்மாக்கள் கே.ஆர்.புரம், ஒயிட்ஃபீல்டு பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளை வேலைக்குப் போனபின் அவர்களுக்கு மருத்துவமனை என்பது மொழி தெரியாத ஊரில் இன்னொரு ஊர். அவர்களை வீட்டிலிருந்து கூட்டிப்போய், டோக்கன் எடுத்து, டாக்டர் அறையில் கூடவே இருந்து, சொன்னதை எழுதிக்கொண்டு, மருந்து வாங்கி, வீட்டில் விட்டு, மகனுக்கோ மகளுக்கோ வாட்ஸ்அப்பில் விவரம் சொல்வதுதான் அவள் தொடங்க நினைத்த சேவை. எங்கள் பக்கம் இதை யாரும் தனியாகச் செய்யவில்லை.

அவள் மனதில் ஏற்கனவே ஒரு விலை இருந்தது. 500 ரூபாய். ஏன் 500 என்று கேட்டேன். "ஐந்நூறு சொன்னா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க அக்கா" என்றாள். போட்டி இல்லாத இடத்தில் பெரும்பாலானவர்கள் முதல் விலையை இப்படித்தான் வைக்கிறார்கள். மறுப்புக்குப் பயந்து வைத்த விலை அது. அந்த 500 எப்படி 1,800 ஆனது என்பதை, நாங்கள் போட்ட கணக்கோடு படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் வேலை வேறாக இருக்கலாம், எண்களும் மாறும், ஆனால் வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் படி: தொகைக்கு முன்னால் அலகு

எதற்கு விலை வைக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கா, ஒரு முறைக்கா, ஒரு நாளுக்கா, ஒரு மாதத்துக்கா? பக்கத்தில் போட்டியாளர் இருந்தால் இதை அவர் நமக்காக முடிவு செய்து வைத்திருப்பார். ஆட்டோவுக்குக் கிலோமீட்டர், சலவைக்குத் துணி என்று ஊரே பழகியிருக்கும். புதுச் சேவையில் அதையும் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தெரிந்தவர்களுக்காக அவள் அதுவரை ஆறு முறை போய்வந்திருந்தாள். வாட்ஸ்அப் செய்திகளின் நேரத்தைப் பார்த்து, வாடிக்கையாளர் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பியது வரை எவ்வளவு ஆனது என்று எழுதினோம். மூன்றே கால் மணி நேரம், மூன்று மணி நாற்பது நிமிடம், நாலு மணி பத்து நிமிடம், நாலரை, ஆறுக்குப் பத்து நிமிடம் குறைவு, ஏழு. சராசரி கிட்டத்தட்ட நாலே முக்கால் மணி நேரம். ஆனால் சராசரியைவிட அதன் பரவல்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆறில் நான்கு, நாலரை மணி நேரத்துக்குள் முடிந்திருக்கின்றன. மற்ற இரண்டும் பெரிய அரசு மருத்துவமனைகளில், ஒன்று ஸ்கேன் எடுத்த நாள்.

மணிக்கணக்கில் வாங்கினால் என்ன ஆகும்? அம்மா வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அலுவலகத்தில் இருக்கும் மகனுக்கு மீட்டர் ஓடுகிற மாதிரி இருக்கும். முன்பதிவு செய்யும்போது மொத்தம் எவ்வளவு வரும் என்றே தெரியாது. தெரியாத தொகைக்குச் சம்மதிக்க யாருக்கும் மனம் வராது. முறைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வைத்தால், ஏழு மணி நேரம் ஆன நாளின் நஷ்டம் முழுவதும் அவள் தலையில். தாமதம் இருவர் கையிலும் இல்லை என்பதால் அதைப் பங்கிட முடிவு செய்தோம். நாலரை மணி நேரம் வரை ஒரே தொகை, அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 300 ரூபாய். கூடுதல் மணிக்கான தொகை அடிப்படை விலையின் மணிக் கணக்கைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இல்லாவிட்டால், வேண்டுமென்றே இழுக்கிறாள் என்ற சந்தேகத்துக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

கேப் கட்டணமும் மருந்துச் செலவும் இந்த விலைக்குள் வராது. கேபை மகனே தன் போனில் பதிவு செய்ய வேண்டும், மருந்துக் கடைக்கு யூபிஐ மூலம் அவரே பணம் அனுப்ப வேண்டும். அவள் பணம் போட்டுவிட்டுப் பிறகு கேட்கும் ஏற்பாட்டில் இரண்டு ஆபத்து. கையிருப்பு மாட்டிக்கொள்ளும். அப்புறம், பில்லில் முப்பது ரூபாய் வித்தியாசம் வந்தால் மொத்த நம்பிக்கையும் போய்விடும்.

இரண்டாவது படி: கீழ்வரம்பு

இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மாதத்துக்கு அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதச் சொன்னேன். பழைய வேலையில் கைக்கு வந்தது 22,000. அதை முதல் வரியில் போட்டாள். போனுக்கு 500. பையன் பள்ளியிலிருந்து வரும்போது அவள் வெளியில் இருந்தால் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 1,500. காய்ச்சல், பண்டிகை என்று வேலை இல்லாத நாட்களுக்கு ஒதுக்க 2,000. ஃபைல், பிரிண்ட், முகக்கவசம், சில்லறைச் செலவுகளுக்கு 1,000. மொத்தம் 27,000 ரூபாய்.

இதை அவள் 26 வேலை நாட்களால் வகுத்தாள். 1,038 வந்தது. "அப்போ ஆயிரத்து நூறு போதும்" என்றாள். சம்பளத்துக்கு வேலை செய்து பழகியவர்கள் எல்லாரும் இப்படித்தான் வகுக்கிறார்கள். சம்பளத்தில் 26 நாளுக்கும் பணம் வரும். சேவையில் பதிவான நாளுக்கு மட்டும்தான் வரும். மருத்துவமனைப் புறநோயாளி நேரம் பெரும்பாலும் காலையில் என்பதால் ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் போவதும் கஷ்டம். திங்கள்கிழமை மூன்று பேர் கேட்பார்கள், வியாழக்கிழமை ஒருவரும் கேட்க மாட்டார்கள். நிரம்பாத நாளின் செலவையும் நிரம்பிய நாள்தான் தாங்க வேண்டும்.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டோம். இந்த விலை வைத்தால் மாதம் எத்தனை முறை போக வேண்டியிருக்கும்? அவள் தன் வீட்டிலிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்த் திரும்ப மெட்ரோ, ஆட்டோ, ஒரு டீ எல்லாம் சேர்த்து ஒரு முறைக்கு 200 ரூபாய் ஆகிறது. அதை விலையிலிருந்து கழித்துவிட்டு, மீதியால் 27,000-ஐ வகுக்க வேண்டும்.

500 ரூபாய் என்றால் மீதி 300. மாதம் 90 முறை. 1,200 என்றால் மீதி 1,000. மாதம் 27 முறை, அதாவது ஞாயிறு தவிர எல்லா நாளும் போனாலும் ஒன்று குறையும். 1,500-க்கு 21 முறை. 1,800-க்கு 17 முறை. 2,000-க்கு 15.

இந்த வரிசையைப் பார்த்ததும் அவள் பேசாமல் இருந்தாள். 500 ரூபாய் கட்டுப்படியாகாது என்பதற்கு நான் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டம் எவ்வளவு வந்தாலும் அந்த விலையில் தொழில் நிற்காது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தொடக்கத்தில் மாதம் எட்டு முறைதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு வகுத்தால் ஒரு முறைக்கு 3,575 ரூபாய் வரும். அந்தத் தொகையை வாடிக்கையாளரிடம் கேட்க முடியாது. நம் கை நிரம்பாததற்கு அவர் ஏன் பணம் தர வேண்டும்? முதல் மாதங்களின் குறையைச் சேமிப்பிலிருந்துதான் தாங்க வேண்டும். தொழில் ஓரளவு நிலைபெற்ற மாதத்தில் எத்தனை முறை கிடைக்கும் என்று நினைக்கிறோமோ அந்த எண்ணை வைத்துத்தான் விலைக் கணக்கு. நாங்கள் 15 முதல் 21 என்று வைத்தோம்.

மூன்றாவது படி: அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

போட்டி இல்லை என்று சொல்கிறோம். ஆனால் அந்தப் பெரியவர் இதற்கு முன்பும் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். யாரோ கூட்டிப்போயிருக்கிறார்கள், அதற்கு ஏதோ ஒரு விலையை அந்தக் குடும்பம் கொடுத்திருக்கிறது. அந்த விலையைக் கண்டுபிடிப்பதுதான் மேல்வரம்பைக் காண்பது.

ஒன்பது குடும்பங்களிடம் பேசினாள். நான்கு பேர் ஹலசூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் பழக்கமானவர்கள், மற்றவர்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக வந்தவர்கள். "இப்படி ஒரு சேவை இருந்தா எடுத்துப்பீங்களா?" என்று மட்டும் கேட்காதே என்று சொல்லி அனுப்பினேன். நம் ஆட்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். "ரொம்ப நல்ல விஷயம்மா, கண்டிப்பா" என்பார்கள், அத்தோடு சரி. நடந்து முடிந்ததைக் கேட்க வேண்டும். கடைசியாக அப்பாவை யார் கூட்டிப்போனது? அன்றைக்கு லீவா? எவ்வளவு செலவானது? என்ன தடைப்பட்டது?

பதில்கள் நான்கு வகையாக வந்தன.

முதல் வகையில் மகன் லீவு போடுகிறார். மாதம் 1,20,000 சம்பளம், 22 வேலை நாள் என்றால் அரை நாளின் மதிப்பு சுமார் 2,700 ரூபாய். இதை அப்படியே மேல்வரம்பாக எடுத்துவிடக் கூடாது. சம்பளத்தோடு கூடிய லீவு என்பதால் அவர் பையிலிருந்து எதுவும் போவதில்லை, அதனால் அவர் அதை முழுப் பணமாக எண்ணுவதில்லை. என் அனுபவத்தில் இப்படிப்பட்ட மறைமுகச் செலவில் பாதியைத்தான் மக்கள் தருவதற்குத் தயாராவார்கள். அப்படியானால் 1,350. லீவு தீர்ந்துபோனவருக்கு மட்டும் அது முழு 2,700 ஆகத் தெரியும்.

இரண்டாவது வகை, ஏஜென்சியில் உதவியாளர் எடுப்பவர்கள். அவர்கள் சொன்ன தொகை 12 மணி நேர ஷிஃப்டுக்கு 1,000 முதல் 1,200 வரை. அரை நாளுக்கு ஆள் அனுப்புவதில்லை. இந்த எண் முக்கியமானது. ஏனென்றால் நம் விலையைக் கேட்டதும் வாடிக்கையாளர் மனதில் முதலில் வரும் ஒப்பீடு இதுவாகத்தான் இருக்கும். "பன்னிரண்டு மணி நேரத்துக்கே ஆயிரத்து இருநூறு, நீங்க அரை நாளுக்கு இவ்வளவா?" என்பார்கள். இதற்குப் பதிலை முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும். உதவியாளர் சக்கர நாற்காலியைத் தள்ளுவார், டாக்டரிடம் பேச மாட்டார். மாத்திரை ஏன் மாற்றினார்கள் என்று மாலையில் மகனுக்குச் சொல்ல ஆள் இருக்காது. அவள் விற்பதே அந்தப் பகுதியைத்தான். அதனால் அவள் தரும் எழுத்துக் குறிப்பின் மாதிரி ஒன்றை முதல் பேச்சிலேயே காட்டச் சொன்னேன்.

மூன்றாவது வகை, பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள். லீவு என்ற வழியே அவர்களுக்குக் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரை ஒவ்வொரு முறையும் கேட்டுக் கேட்டுக் கூச்சம் வந்துவிட்டது என்று ஓர் அம்மா சொன்னார். இவர்கள்தான் அதிக விலைக்கும் தயாராக இருந்தவர்கள்.

நான்காவது வகை, போகாமலே தள்ளிப்போடுபவர்கள். அவர்கள் இப்போது கொடுக்கும் பணம் பூஜ்யம். கேட்கவே மனம் கனக்கும், ஆனால் இவர்களுக்காக விலை வைத்தால் கீழ்வரம்புக்குக் கீழே போய்விடும். வாரத்தில் ஒரு நாளை எங்கள் தெருப் பெரியவர்களுக்கென்று 600 ரூபாய்க்கு ஒதுக்குவது என்று அவளே தனியாக முடிவு செய்தாள். அதைப் பொது விலையோடு கலக்கவில்லை. மாத எண்ணிக்கைக் கணக்கிலும் நான் அதைச் சேர்க்கவில்லை.

ஆக, கீழே 1,500-ஐச் சுற்றி ஒரு கோடு, மேலே 2,700-இல் ஒரு கோடு. முதல் வகையில் லீவு தீர்ந்தவர்களும் மூன்றாவது வகையும்தான் நம் வாடிக்கையாளர்கள்.

இந்த மேல்வரம்பைக் குறைக்கும் ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அம்மாவை முன்பின் தெரியாத ஒருவரோடு அனுப்பும் பயம். முதல் முறைக்கு இந்தப் பயம் பெரியது, இரண்டாவது முறைக்கு அநேகமாக இல்லை. இதை விலை குறைத்துத் தீர்க்க முடியாது. விலை குறைந்தால் பயம் கூடும். முந்தின நாள் மாலை வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு, ஆதார் நகலையும் பழைய வேலைச் சான்றையும் காட்டிவிட்டு வந்தாள். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

நான்காவது படி: விலையைப் பற்றிக் கேட்கும் நான்கு கேள்விகள்

1976-இல் பீட்டர் வான் வெஸ்டன்டார்ப் என்ற டச்சுப் பொருளாதார நிபுணர் ஒரு முறையை முன்வைத்தார். புதுப் பொருளுக்கு விலை தேடுபவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நேரடியாக "எவ்வளவு தருவீர்கள்" என்று கேட்காமல் நான்கு கேள்விகள் கேட்பது அது. எவ்வளவு குறைந்தால் தரத்தைச் சந்தேகிப்பீர்கள்? எவ்வளவு என்றால் மலிவு, நல்லது என்று தோன்றும்? எவ்வளவு ஆனால் அதிகம்தான், ஆனாலும் யோசிப்பேன் என்பீர்கள்? எவ்வளவு ஆனால் வேண்டவே வேண்டாம்?

நிறையப் பேரிடம் கேட்டு வரைபடம் போடுவதுதான் அதன் முழு வடிவம். ஒன்பது பேரை வைத்து வரைபடம் போடுவதில் அர்த்தமில்லை. ஆனால் முதல் கேள்விக்கு வந்த பதில் மட்டும் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஒன்பதில் ஆறு பேர், 700 ரூபாய்க்குக் கீழே என்றால் அம்மாவை அனுப்பத் தயங்குவோம் என்றார்கள். யாரும் மறுக்க மாட்டார்கள் என்று அவள் நம்பிய 500, ஆறு வீடுகளில் மறுக்கப்பட்டிருக்கும். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலானோர் 1,500 முதல் 2,000 வரை சொன்னார்கள்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. முன்பு வாங்கியே இராத ஒன்றுக்கு மக்கள் சொல்லும் எண் பெரும்பாலும் குறைவாக வரும், ஏனென்றால் பேரம் இங்கேயே தொடங்கிவிட்டது என்று அவர்களுக்குத் தோன்றும். அதனால் இதை வைத்து விலையை முடிவு செய்யாதீர்கள். சந்தேகம் தொடங்கும் கீழ்க்கோட்டைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ஐந்தாவது படி: உண்மையாகவே விலை சொல்லிப் பார்ப்பது

இனிமேல் பேச்சு வேண்டாம், முன்பதிவுதான். தேதி கேட்டு, தொகை சொல்லி, 300 ரூபாய் முன்பணம் யூபிஐயில் வாங்குவது. முன்பணம் வந்தால்தான் அது சம்மதம்.

முதல் நான்கு பேரிடம் 1,500 என்றாள். நான்கு பேரும் உடனே சரி என்றார்கள். "மருந்துக் காசும் இதிலேயே வருமா?" என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நொடிகூட நிற்காமல் எல்லாரும் சரி என்றால், விலை அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று அர்த்தம். அடுத்த எட்டுப் பேரிடம் 1,800. ஐந்து பேர் முன்பணம் அனுப்பினார்கள், ஆனால் இப்போது எல்லாரும் என்னென்ன அடங்கும் என்று விசாரித்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். மூன்று பேர் "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்கள். நம் ஊரில் அதன் பொருள் உங்களுக்கே தெரியும்.

மறுத்த மூன்று பேரின் காரணம்தான் எண்ணிக்கையைவிட முக்கியம். இரண்டு நாள் கழித்து அவள் மரியாதையாக விசாரித்தாள். இரண்டு பேருக்குத் தெரியாதவரோடு அனுப்பத் தயக்கம், ஒருவருக்குத்தான் விலை. மூன்றுமே விலைக்காக இருந்திருந்தால் நாங்கள் 1,600-க்கு இறங்கியிருப்போம். பன்னிரண்டு பேரை வைத்துச் சதவீதம் போடாதீர்கள், அது ஏமாற்றும். காரணங்களைப் படியுங்கள்.

ஒரே குடியிருப்பில் இரண்டு விலை சொல்லாதீர்கள். அடுக்குமாடிக் குழுவில் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். நாங்கள் 1,500-ஐ ஒரு வளாகத்திலும் 1,800-ஐ வேறு இடத்திலும் சொன்னோம். அப்படியும், 1,500 கொடுத்த நால்வருக்கும் ரசீதில் வழக்கமான கட்டணம் 1,800, அறிமுகச் சலுகை 300, அது எந்தத் தேதி வரை என்று மூன்று வரிகளாக எழுதிக் கொடுத்தோம். முதல் விலையைக் குறைவாகச் சொல்லிவிட்டால் அதுதான் சரியான விலை என்று மனதில் பதிந்துவிடும். சலுகை என்று தனியாக எழுதினால் பதிவது 1,800.

ஆறாவது படி: விலைத்தாளில் என்ன எழுதுவது

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவள் தாளில் இருப்பது: நாலரை மணி நேரம் வரை 1,800, மேலே மணிக்கு 300. கேப், மருந்து, பரிசோதனை உங்கள் செலவு. முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் ரத்து செய்தால் முன்பணம் திரும்பும், பிறகு என்றால் திரும்பாது. ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, சிகிச்சைச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது என் வேலையில் வராது. கடைசி வரியை நான் சேர்க்கச் சொன்னேன். புதுச் சேவையில் எது அடங்கும் என்பது யாருக்கும் தெரியாது, அதனால் எது அடங்காது என்று எழுதாவிட்டால் அதே விலைக்கு வேலை நீண்டுகொண்டே போகும்.

ஜிஎஸ்டி பற்றி ஒரே விஷயம். கர்நாடகத்தில் சேவை செய்பவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. அவளுடைய வரவு மாதம் 17 முறை என்றாலும் ஆண்டுக்கு நாலு லட்சத்துக்குக் கீழே. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று வரி போட்டு வாங்கக் கூடாது.

ஏழாவது படி: குறைத்துக் கேட்கும்போது

இரண்டாவது மாதம் ஒரு குடும்பம் டயாலிசிஸுக்குக் கேட்டது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் படுக்கையில். மாதம் 12 முறை 1,800 என்றால் 21,600 ரூபாய். சிகிச்சைச் செலவுக்கு மேல் அதை அவர்களால் தர முடியாது. "1,000-க்கு ஒத்துக்கவா அக்கா?" என்று கேட்டாள்.

அதே வேலையை விலை குறைத்துக் கொடுக்காதே, வேலையை மாற்றிக் கொடு என்றேன். டயாலிசிஸ் நடக்கும்போது அவள் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டிய தேவை இல்லை. கொண்டுபோய்ப் படுக்கையில் சேர்த்து, நர்ஸிடம் பேசிவிட்டு வந்து, முடியும்போது மறுபடி போய்க் கூட்டிவந்தால் போதும். அந்த மையத்தில் பிற்பகல் ஷிஃப்ட் இருந்தது. காலையில் மற்ற வாடிக்கையாளர்கள், பிற்பகலில் இவர். இரண்டும் மோதவில்லை. காலியாகக் கிடந்த நேரம் என்பதால் 1,000 ரூபாய் கட்டுப்படியானது. போக்குவரத்துக்கு 200 கழித்தாலும் மாதம் 9,600 கூடுதலாக வந்தது. இதே 1,000-ஐக் காலை நேரத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால், ஒவ்வொரு முறையும் 1,800 தரும் ஒருவரைத் திருப்பி அனுப்பியிருப்பாள்.

எட்டாவது படி: மூன்று மாதம் கழித்துப் பார்ப்பது

டயாலிசிஸைச் சேர்க்காமல் முதல் மாதம் 9 முறை, இரண்டாவது மாதம் 14, மூன்றாவது மாதம் 18. முதல் மாதம் 27,000-க்கு 13,800 குறைந்தது, இரண்டாவது மாதம் 4,600. மூன்றாவது மாதம் 1,800 மிஞ்சியது. அதாவது ஏறக்குறைய 18,400 ரூபாய் அவள் தன் சேமிப்பிலிருந்து போட்டாள். டயாலிசிஸ் பணம் வந்ததால் வலி குறைந்தது. தொடங்கும் முன் இந்தத் தொகை கையில் இல்லாதவர்கள் இரண்டாவது மாதத்தில் பயந்து விலையை இறக்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் வைத்த விலை சரியாகத்தான் இருந்தது, தாங்கும் காலம்தான் போதவில்லை.

41 முறையின் நேரக் குறிப்பையும் எடுத்தோம். 11 முறை நாலரை மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. அதில் 9 முறை இரண்டு பெரிய அரசு மருத்துவமனைகளில். ஆனால் கூடுதல் மணிக்கு அவள் பணம் வாங்கியது நான்கே முறை. "அம்மா களைச்சுப்போய் வந்து நிக்கிறாங்க, அந்த நேரத்துல எப்படி அக்கா கேக்கறது?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கேட்க முடியாத கட்டணம் தாளில் இருந்தும் பயனில்லை. எனவே அந்த இரண்டு மருத்துவமனைகளுக்கு மட்டும் தனி விலை வைத்தோம். ஏழு மணி நேரம் வரை 2,600, பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது. சீக்கிரம் முடிந்து நாலரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் 1,800 மட்டும்.

புது வாடிக்கையாளர்களுக்கு இது அன்றைக்கே நடைமுறைக்கு வந்தது. பழையவர்களுக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்து இந்தச் செய்தியை அனுப்பினாள்:

"வணக்கம் சார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அரசு மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் கட்டணம் 2,600 (ஏழு மணி நேரம் வரை). கடந்த மூன்று மாதத்தில் அங்கே போன நாட்களில் பெரும்பாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது, அந்த விவரத்தைக் கீழே இணைத்திருக்கிறேன். சீக்கிரம் முடிந்தால் பழைய 1,800 மட்டும் போதும். மற்ற மருத்துவமனைகளுக்கு எந்த மாற்றமும் இல்லை. அம்மாவின் அடுத்த செக்கப் 14ஆம் தேதி, காலை ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன்."

ஏழு வீடுகளுக்கும் அவரவர் தேதியோடு போன செய்தி இது. ஒருவர் விட்டுப் போனார். ஆறு பேர் சரி என்றார்கள், அதில் ஒருவர் 14ஆம் தேதிக்கான முன்பணத்தை அந்தச் செய்திக்குக் கீழேயே அனுப்பிவிட்டார்.